பத்து குறைந்ததா, பத்தாகக் குறைந்ததா?

விசை பற்றிய பாடத்தில் வழக்கமாக வரும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 1500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் விநாடிக்கு 30 மீட்டர் திசைவேகத்தில் நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார். 5 விநாடிகளில் அதன் திசைவேகம் விநாடிக்கு 10 மீட்டராகக் குறைகிறது. கார் மீது செயல்பட்ட விசை எவ்வளவு?

பத்தாம் வகுப்பு மாணவருக்கு இது பெரிய வேலையில்லை. 30 இலிருந்து 10 வரை வந்ததால் மாற்றம் −20. அதை 5 ஆல் வகுத்தால் முடுக்கம் −4 m/s². நிறையான 1500 ஆல் பெருக்கினால் விசை −6000 N. கார் போகும் திசைக்கு எதிர்த்திசையில் விசை செயல்பட்டது என்பதைத்தான் கழித்தல் குறி சொல்கிறது.

ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கும்போது ஒரு சின்ன ‘ஆக’ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘திசைவேகம் விநாடிக்கு 10 மீட்டர் குறைகிறது’ என்று அச்சாகிவிடுகிறது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, படிக்கவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இப்போது மாற்றம் −10, முடுக்கம் −2, விசை −3000 N. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை 6000 என்று இருக்கும், ஏனென்றால் விடைப் பட்டியலில் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. எண்கள் அப்படியே வந்து சேர்ந்துவிடும். சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை தன் விடை தவறு என்று நம்பி மூன்று முறை அழித்து எழுதும்.

ஆங்கிலத்தில் ‘டு’, ‘பை’ என்ற இரண்டு குட்டிச் சொற்கள் செய்கிற வேலையைத் தமிழில் விகுதியும் சின்ன ஒட்டுகளும் செய்கின்றன. வேகமாக மொழிபெயர்ப்பவரின் கண் பெரிய சொற்களில்தான் நிற்கும். முடுக்கம், உந்தம் என்று கலைச்சொல்லுக்காகப் பத்து நிமிடம் யோசிப்பவர் ‘ஆக’வையும் ‘கு’வையும் யோசிக்காமல் போட்டுவிட்டுப் போவார். நான் பார்த்தவரை, பாடநூல் மொழிபெயர்ப்பில் பிழை வருவது பெரும்பாலும் இந்த ஒட்டுகளில்தான். இடத்தை விட்டுவைக்காமல் எழுதுவதுதான் இதற்கு மருந்து: ‘30 m/s இலிருந்து 10 m/s ஆகக் குறைகிறது’ என்று தொடக்கத்தையும் முடிவையும் இரண்டுமே சொல்லிவிட வேண்டும். மாற்றத்தின் அளவு என்றால் ‘10 m/s அளவுக்குக் குறைகிறது’ என்று சொல்ல வேண்டும். மூலத்தில் தொடக்க மதிப்பு முந்தைய வாக்கியத்தில் இருந்தாலும், தமிழில் திரும்பச் சொல்வதால் குறைந்துபோவது எதுவும் இல்லை.

‘மடங்கு’ என்ற சொல்லும் இதே வகை. ‘விசை மூன்று மடங்கு அதிகரித்தது’ என்றால் பழைய விசையின் மூன்று மடங்கா, பழையதோடு இன்னும் மூன்று மடங்கு சேர்ந்து நான்கா? கடைத்தெருவில் இந்தச் சந்தேகத்தோடு நாம் காலம் தள்ளிவிடுவோம். கணக்கில் முடியாது. ‘மூன்று மடங்காகியது’ என்று எழுதினால் தீர்ந்தது.

கணக்கில் மட்டுமல்ல, வரையறையிலும் இந்த ஒட்டு ஆளைக் கவிழ்க்கும். வெப்பப் பாடத்தில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று ஒன்று உண்டு. ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை 1°C உயர்த்தத் தேவையான வெப்ப ஆற்றல்தான் அது. இதில் ‘1°C-க்கு உயர்த்த’ என்று ஒரு ‘கு’ கூடுதலாக ஒட்டிக்கொண்டால், பொருளை ஒரு டிகிரி வெப்பநிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது என்று பொருளாகிவிடும். வகுப்பறைக் குழாயில் வரும் 30 டிகிரித் தண்ணீரை எந்த வெப்பத்தைக் கொடுத்து ஒரு டிகிரிக்கு ‘உயர்த்துவது’? இங்கேயே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வெப்பநிலை 1°C உயர்வதும் 1 கெல்வின் உயர்வதும் ஒன்றுதான். ஆனால் 1°C என்ற வெப்பநிலை 274.15 கெல்வின். வரையறையில் அலகை மாற்றும்போது உயர்வைத்தான் மாற்றுகிறோம் என்பது மறந்துபோனால், தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 4200 என்பதற்குப் பதிலாக 15 என்று வந்து நிற்கும்.

பாடத்தின் முதல் வரியைத் தொடும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாடத்தில் வரும் கலைச்சொற்களை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். இது நடைக்குப் பழகிய எழுத்தாளர்களுக்குக் கசப்பான வேலை. ஒரே சொல்லைப் பக்கத்துக்கு எட்டு முறை எழுதினால் நமக்குக் கை கூசும். விசை, சக்தி, ஆற்றல், வலு, திறன் என்று மாற்றி மாற்றிப் போடத் தோன்றும். கதையில் அது அழகு. இயற்பியலில் விசைக்கு அலகு நியூட்டன், ஆற்றலுக்கு ஜூல், திறனுக்கு வாட். சொல்லை மாற்றினால் அலகு மாறிவிடுகிறது. வட்டப்பாதையில் மாறாத வேகத்தில் சுழலும் கல்லைப் பற்றிய வரியில், ஓசைக்காக ‘மாறாத திசைவேகத்தில்’ என்று எழுதிவிட்டால் அது உலகில் நடக்கவே முடியாத நிகழ்ச்சி. வட்டத்தில் திசை நொடிக்கு நொடி மாறுவதால், திசைவேகம் மாறாமல் இருக்க வழியே இல்லை.

எந்தச் சொல்லைப் பூட்டுவது என்பது, பாடம் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் கிலோகிராமில் சொல்வது. எடை என்றால் அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்வது. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் கிலோகிராமில் சொல்வதற்குத் திணிவு என்று பெயர். நிறை என்பது அங்கே பூமி இழுக்கும் விசை! அதாவது சென்னையில் ‘நிறை 50 kg’ என்று சரியாக எழுதிய வரி யாழ்ப்பாணத்தில் தவறு; அங்கே ‘நிறை 490 N’ என்று சரியாக எழுதியது இங்கே தவறு. வேகமும் அப்படித்தான். இங்கே வேகம் என்றால் திசை சேராதது, திசை சேர்ந்தால் திசைவேகம். அங்கே திசை சேராதது கதி, திசை சேர்ந்ததுதான் வேகம். முடுக்கத்துக்கு அங்கே ஆர்முடுகல் என்று பெயர், அதில் ஆபத்தில்லை. தெரியாத சொல் என்றால் மாணவர் நின்று கேட்பார். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால்தான் கேட்காமல் கடந்துபோவார். இரண்டு ஊர்ப் பாடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதி அங்கிருந்தும் பாதி இங்கிருந்தும் எடுப்பவர்கள் இந்த ஒரு சொல்லிலாவது விழித்திருக்க வேண்டும்.

எடைக்குத் தெருவிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசியின் எடை கிலோவில்தான் சொல்லப்படுகிறது, மருத்துவமனையில் குழந்தையின் எடையும் அப்படித்தான். அதைத் தவறு என்று திருத்தப் போவது வீண் வேலை. ஆனால் கணக்கின் முதல் வரியில் ‘ஒருவரின் எடை 50 கிலோ’ என்று நுழைந்துவிட்டால், அடுத்து ‘அவரது எடையைக் காண்க’ என்ற கேள்வி வரும்போது மாணவருக்கு அது கேலியாகத் தோன்றும். பாடத்துக்குள் நிறை 50 kg. பூமியில் எடை 50 × 9.8 = 490 N; ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக உள்ள நிலாவில் எடை 82 N அளவில் இருக்கும், நிறை அதே 50 kg. இந்தப் பாடம் சொல்லவருவதே இதைத்தான். மொழிபெயர்ப்பு அதைக் குழப்பினால் பாடமே இல்லாமல் போகிறது.

இனி வரையறைகள். நியூட்டனின் இரண்டாம் விதியைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம்: ஒரு பொருளின் மீது செயல்படும் விசை, அதன் உந்தம் மாறும் வீதத்துக்கு நேர்த்தகவில் இருக்கும், அந்த மாற்றம் விசையின் திசையிலேயே நிகழும். இதில் ‘வீதத்துக்கு’ என்பதை விட்டுவிட்டு ‘உந்த மாற்றத்துக்கு நேர்த்தகவில்’ என்று எழுதினால் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பல வழிகாட்டி நோட்டுகளில் அப்படித்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, வரையறையை அலகால் சோதிப்பது. உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கியது. அதன் அலகு kg m/s. உந்த மாற்றத்தின் அலகும் அதேதான். விசையின் அலகோ நியூட்டன், அதாவது kg m/s². ஒரு விநாடி குறைகிறது. ‘வீதம்’ என்ற சொல்லைத் திரும்பப் போட்டு, மாற்றத்தைக் காலத்தால் வகுத்தால் அலகு சரியாகிவிடும். வீதம் இல்லாமல் நாம் எழுதியது விசையைக் கால அளவால் பெருக்கி வரும் கணத்தாக்கின் வரையறை. அதற்கு அலகு நியூட்டன் விநாடி.

பாடத்தில் உள்ள ஒவ்வொரு வரையறையையும் இப்படிச் சோதிக்கலாம். ஆங்கில மூலத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ் வாக்கியம் சொல்கிறபடி மட்டும் பெருக்கியும் வகுத்தும் பார்க்க வேண்டும். ‘ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை அழுத்தம்’ என்ற வரி நியூட்டனைச் சதுர மீட்டரால் வகுக்கச் சொல்கிறது, பாஸ்கல் கிடைக்கிறது, தேறிவிட்டது. ‘ஓரலகு’ விடுபட்டால் நியூட்டனே மிஞ்சும், தேறவில்லை. இயற்பியல் ஆழமாகத் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கூடச் செய்யக்கூடிய சோதனை இது.

ஆனால் இந்த வலையிலும் நழுவும் மீன்கள் உண்டு. அலகு இல்லாத சொற்கள் விடுபட்டால் இது காட்டிக்கொடுக்காது. அதே அழுத்த வரையறையில் ‘செங்குத்தாக’ காணாமல் போனாலும் பாஸ்கல் வரத்தான் செய்யும். முதல் விதியில் இது இன்னும் மோசம். சமன்செய்யப்படாத புறவிசை ஒன்று செயல்படாதவரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். நேர்க்கோட்டில் சீராக இயங்கும் பொருள் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். ‘சமன்செய்யப்படாத’ நீளமாக இருக்கிறதே என்று வெட்டினால், மேசைமேல் கிடக்கும் புத்தகம் விதியை மீறிவிடும்: அதை ஈர்ப்பு கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது, விசைகள் இருந்தும் அது அசையவில்லை. அப்புறம் ‘நேர்க்கோட்டில்’. இது ‘சீராக’ என்பதோடு ஒட்டிப் போக வேண்டிய சொல். நீளமான ஒரே வாக்கியமாக எழுதி அது ஓய்வின் பக்கம் ஒதுங்கிவிட்டால் வட்டப்பாதை இயக்கமும் விசையில்லாமல் நடக்கும் என்றாகிவிடும். நான் மேலே செய்தது போல முற்றுப்புள்ளி போட்டு இரண்டாக உடைப்பதில் வெட்கமில்லை. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அலகுகளை எப்படி எழுதுவது என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம். கிகி, மீ வி⁻² என்று தமிழ்ச் சுருக்கங்களை எழுதுவதும் உண்டு. kg, m s⁻² என்று உலகப் பொதுக் குறியீடுகளை எழுதுவதும் உண்டு. அலகின் பெயரை அவரவர் மொழியில் எழுதலாம், குறியீடு எல்லா மொழிக்கும் பொது என்பது பன்னாட்டு அலகு முறையின் நிலைப்பாடு. அது சுருக்கெழுத்து அல்ல, கூட்டல் குறி போன்ற கணிதக் குறி. அதனால்தான் அதற்குப் பின்னால் புள்ளி வைப்பதில்லை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ‘நி’ என்றால் நிமிடமா நியூட்டனா? ‘வி’ விநாடியென்றால் வோல்ட்டுக்கு என்ன செய்வது? பெயரைத் தமிழில் முழுதாக ஒருமுறை அறிமுகம் செய்துவிட்டு, கணக்குக்குள் குறியீட்டையே வைத்துக்கொள்ளலாம். வேற்றுமை உருபு எங்கே ஒட்டுவது என்ற தொல்லைக்கும் வழி இருக்கிறது. ‘10 N-ஐ’ என்று எழுதாமல் ‘10 N விசையை’ என்று எழுதினால் உருபு விசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூடவே அந்த எண் எதன் அளவு என்பதும் மாணவருக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

இத்தனையும் சரியாக எழுதிக் கொடுத்தபின், பக்கம் வடிவமைக்கும் இடத்தில் எல்லாம் பாழாகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்னமும் வேலை செய்யும் அச்சகங்கள் இருக்கின்றன. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் kg என்பது ‘மப’ ஆகிவிடும். m என்பது ‘அ’. N இருந்த இடத்தில் ஏகாரத்துக்குப் போடும் கொம்பு மட்டும் தனியே நிற்கும். இது கண்ணில் படும், அதனால் திருத்திவிடலாம். கண்ணில் படாதது மேற்குறி கீழே இறங்குவது. 3 × 10⁸ என்ற ஒளியின் வேகம் 3 × 108 என்று அச்சானால் அது 324. நம் விரைவு ரயில்கூட மிதிவண்டிதான் அதன் முன்னால் என்று மாணவர் நினைக்க வேண்டியதுதான். சாய்வெழுத்து தொலைந்தாலும் சிக்கல். W = mg என்பதில் m நிறை, g புவியீர்ப்பு முடுக்கம், இரண்டும் சாய்வாக இருக்க வேண்டும். நேராக நின்றால் அது மில்லிகிராம்.

தீர்க்கப்பட்ட கணக்குகளில் இன்னொரு சபலம் வரும்: உதாரணத்தை நம் ஊருக்கு மாற்றுவது. அமெரிக்கப் பாடத்தில் பேஸ்பால் பந்தைப் பிடிப்பவர் நம் பிள்ளைகளுக்கு அந்நியர்தான். கிரிக்கெட் பந்தாக மாற்றுவது நல்லதே. ஆனால் மூலத்தில் நிறை 0.145 kg என்று இருக்கும். கிரிக்கெட் பந்தின் நிறை 156 முதல் 163 கிராம் வரை. 0.16 kg என்று மாற்றினால், 30 m/s திசைவேகத்தில் வந்த பந்தை 0.1 விநாடியில் நிறுத்தும் கையில் ஏற்படும் சராசரி விசை 43.5 N இலிருந்து 48 N ஆக உயரும். அதோடு இடைப்படிகளும், பயிற்சியில் ‘மேற்கண்ட கணக்கில் நேரம் இருமடங்கானால்’ என்று தொடரும் கேள்வியும், கடைசிப் பக்க விடையும் மாற வேண்டும். ஒன்றை மாற்றி மூன்றை விட்டால், அந்நியமான பேஸ்பாலே தேவலை. g-க்கு 9.8 எடுத்த கணக்கும் 10 எடுத்த கணக்கும் ஒரே பாடத்தில் கலந்து கிடப்பதும் இப்படி வந்து சேருவதுதான். எந்த மதிப்பு என்று கணக்கிலேயே சொல்லிவிட்டால் இரண்டும் இருக்கலாம்.

மூலமே பழசாகிப்போயிருப்பதும் உண்டு. பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றின் நிறைதான் ஒரு கிலோகிராம் என்று எழுதிய பாடம், 2019 மே 20 முதல் செல்லாது; இப்போது பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தானாகத் திருத்தாமல், பாட ஆசிரியர் குழுவுக்குக் குறிப்பெழுதிக் கேட்பது முறை.

எல்லாம் முடிந்தபின் நடக்கும் சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஓர் இயற்பியல் ஆசிரியரிடம், தீர்வுகளையும் விடைகளையும் நீக்கிவிட்டுத் தமிழ்ப் பிரதியை மட்டும் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொரு கணக்கையும் தமிழில் உள்ளபடியே போட வேண்டும், தனக்குத் தெரிந்ததை வைத்து ஊகிக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அனுபவசாலிகளுக்குத்தான் கஷ்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த கார் கணக்குக்கு 6000 என்று எழுதியிருந்தார். தமிழில் ‘10 மீட்டர் குறைகிறது’ என்றுதானே இருக்கிறது ஐயா என்று கேட்டால், “நாப்பது வருஷமா இந்தக் கணக்க நடத்தறேன் தம்பி, கண்ண மூடிக்கிட்டே வரும்” என்றார். அதனால் இப்போது அந்தப் பாடத்தை இன்னும் படிக்காத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். சூத்திரத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். இருவர் விடையும் ஒத்துப்போகாத கணக்குகளின் எண்ணைச் சிவப்பில் சுழித்து மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவார்கள். பக்க வடிவமைப்பு முடிந்து கடைசி மெய்ப்பு வந்ததும், அதே பிள்ளையை வைத்து எல்லாக் கணக்கையும் இன்னொருமுறை போடச் சொல்வார்கள். மேற்குறிகள் இறங்கியிருந்தால் அப்போதுதான் தெரியும்.